தேதி, நேரம் இரண்டும் ஒரே செல்லில் இருந்தால் எங்கே வெட்டுவது?

தேதியும் நேரமும் ஒட்டிக்கொண்டு ஒரே செல்லில் கிடக்கின்றன, தேதியைத் தனியாகவும் நேரத்தைத் தனியாகவும் பிரிக்க வேண்டும், எந்த வழி நல்லது? இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், பெரும்பாலும் எல்லாமே வேலை செய்யும். சிக்கல் அடுத்த படியில் வருகிறது. பிரித்த நேரத்துக்குச் சராசரி எடுக்கப் போகும்போதுதான், எப்படிப் பிரித்தோம் என்பது விடையையே மாற்றிவிடும் என்று தெரியும். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். நான் சொல்வது எக்செலை வைத்து. கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரேஆபிஸ் கால்க்கிலும் ஃபார்முலாக்கள் கிட்டத்தட்ட அப்படியே ஓடும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்ன பட்டியல். இரவு ஓடும் ஒரு பேக்கப் வேலை எத்தனை மணிக்கு முடிந்தது என்ற பதிவு, ஐந்து இரவுகளுக்கு, A2 முதல் A6 வரை:

```
04-03-2024 23:40
05-03-2024 23:55
07-03-2024 00:10
08-03-2024 00:20
08-03-2024 23:25
```

கேள்விகள் இரண்டு. எந்தெந்த இரவில் வேலை முடிந்தது? சராசரியாக எத்தனை மணிக்கு முடிகிறது?

முதலில் செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். திரையில் தேதி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஒரு எண். முழு எண் பகுதி நாள், தசமப் பகுதி அந்த நாளில் எவ்வளவு கழிந்தது என்பது. 4 மார்ச் 2024 என்பது 45355, இரவு 11:40 என்பது ஒரு நாளின் 1440 நிமிடங்களில் 1420, அதாவது 0.98611. ஆக முதல் செல்லில் இருப்பது 45355.98611. நண்பகல் என்றால் 0.5, மாலை ஆறு என்றால் 0.75. இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் பிரிப்பது என்பது தசமப் புள்ளியில் வெட்டுவதுதான்.

ஆனால் உள்ளே உண்மையிலேயே எண்தான் இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். வேறு மென்பொருளிலிருந்து வந்த ஃபைல் என்றால் அது வெறும் எழுத்தாகவும் இருக்கலாம். `=ISNUMBER(A2)` போட்டால் `TRUE` வர வேண்டும். இன்னொரு மோசமான சாத்தியமும் உண்டு: கணினியின் அமைப்பு மாதத்தை முதலில் வைக்கும் வகையாக இருந்தால், 04-03-2024 என்பது ஏப்ரல் 3 ஆகிவிடும். பொதுவாக இதைக் கண்டுபிடிப்பது சுலபம், 12-ஆம் தேதிக்கு மேற்பட்டவை மாதமாக மாற முடியாமல் எழுத்தாகவே நின்று செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை வலது ஓரத்தில் இருக்கும், ஒரே நெடுவரிசையில் பாதி இடம் பாதி வலம் என்று இருந்தால் இதுதான் காரணம். ஆனால் நம் பட்டியலைப் பாருங்கள், எல்லாத் தேதியும் 12-க்குக் கீழே. எல்லாமே சத்தமில்லாமல் தவறாக மாறி, எல்லாமே வலது ஓரத்தில் அழகாக நிற்கும், `ISNUMBER`-உம் `TRUE` என்றுதான் சொல்லும். அதனால் ஃபார்மேட்டை ஒருமுறை `dd-mmm-yyyy` என்று மாற்றி, மாதத்தின் பெயரைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

சரி, இப்போது பிரிக்கும் வழிகள்.

மிக எளிதானது ஃபார்மேட்டை மட்டும் மாற்றுவது. அதே செல்லைப் பக்கத்தில் `=A2` என்று எடுத்துவந்து, ஒன்றுக்கு `dd-mm-yyyy`, இன்னொன்றுக்கு `hh:mm` என்று ஃபார்மேட் கொடுப்பது. பார்க்க மட்டும் என்றால், அச்சிட மட்டும் என்றால், இதில் தவறே இல்லை. ஆனால் இது பிரிப்பதே அல்ல. இரண்டு செல்லிலும் 45355.98611 முழுசாக இருக்கிறது. 4 மார்ச் எத்தனை முறை வந்திருக்கிறது என்று `COUNTIF` போட்டால் பூஜ்யம் வரும், ஏனென்றால் அது 45355-ஐத் தேடுகிறது, செல்லில் அது இல்லை. `VLOOKUP`-உம் இதே காரணத்தால் தோற்கும். `hh:mm` காட்டும் செல்களுக்குச் சராசரி எடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன், அது இதைவிட ஆபத்தானது.

அடுத்தது `Text to Columns`. இடைவெளியை வைத்து இரண்டாக வெட்டிவிடும், ஃபார்முலாவே வேண்டாம். ஒரே ஒரு முறை வந்த ஃபைல், திரும்ப வரப்போவதில்லை என்றால் நான் இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வலப்பக்கம் இருக்கும் நெடுவரிசையின் மேல் எழுதிவிடும், அதனால் முன்பே காலி இடம் விடுங்கள். தேதி செல்லில் பழைய ஃபார்மேட் ஒட்டிக்கொண்டு `00:00` என்று பின்னால் ஒரு வால் தெரியும், அதை மாற்றிவிட்டால் போதும். மூன்றாவதுதான் உண்மையில் கெடுதல் செய்வது: நேரம் `10:30 PM` என்ற வகையில் இருந்தால் அதற்குள்ளும் ஓர் இடைவெளி இருக்கிறது, எனவே மூன்று துண்டாகும். `PM` தனி நெடுவரிசைக்குப் போய்விடும், நேரச் செல்லில் மிஞ்சும் 10:30 காலை பத்தரையாக நின்றுவிடும். பிழை எதுவும் காட்டாது. பிரித்த பிறகு மூன்றாவது நெடுவரிசை ஒன்று முளைத்திருந்தால் உடனே திரும்பிப் போய்விடுங்கள்.

`=TEXT(A2,"hh:mm")` என்ற வழியும் பலருக்குப் பிடிக்கும், ஏனென்றால் கிடைப்பது பார்த்தபடியே இருக்கும், ஃபார்மேட் தொல்லை இல்லை. ஆனால் அது எழுத்து, எண் அல்ல. அதற்கு `AVERAGE` போட்டால் `#DIV/0!` வரும், எண்ணே இல்லாத இடத்தில் சராசரி ஏது? ஒரு வாக்கியத்துக்குள் நேரத்தை ஒட்டவைக்க வேண்டும் என்றால் `TEXT`, கணக்குக்கு அது வேண்டாம்.

கணக்குக்கு நான் சொல்வது இதுதான், முதலாவது B2-இல், இரண்டாவது C2-இல்:

```
=INT(A2)
=MOD(A2,1)
```

முதலாவது முழு எண், அதாவது தேதி. இரண்டாவது மீதி, அதாவது நேரம். ஃபார்மேட்டை நாமே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது செல் 0.98611 என்று காட்டலாம், அது தவறல்ல. A நெடுவரிசையில் ஒன்றை மாற்றினால் இதுவும் மாறும். எவ்வளவு நீளமான பட்டியலுக்கும் இழுத்துவிடலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரிய எண்ணிலிருந்து தசமத்தைப் பிரித்தெடுக்கும்போது கடைசி இலக்கங்களில் மிகச் சிறிய பிசிறு வரும். சராசரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஒரு நொடியின் மிகச் சிறிய பங்குதான். ஆனால் `=MOD(A2,1)=TIME(23,40,0)` என்று சமமா என்று கேட்டால், திரையில் இரண்டும் 23:40 என்று காட்டிக்கொண்டே `FALSE` என்று சொல்லக்கூடும். ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் நிமிடத்துக்கு முழுமையாக்கிவிடுங்கள்: `=ROUND(MOD(A2,1)*1440,0)/1440`.

மாதாமாதம் அதே வடிவத்தில் ஃபைல் வந்துகொண்டே இருக்கும் என்றால், எக்செலுக்குள்ளேயே ஃபைல்களைச் சீர்செய்து ஏற்றும் பவர் க்வெரிதான் சரியான இடம். `Add Column` தாவலில் `Date Only`, `Time Only` என்று இரண்டு வசதிகள் இருக்கின்றன, ஒருமுறை அமைத்தால் அடுத்த ஃபைலுக்கு `Refresh` அழுத்தினால் போதும். தேதி-மாதம் இடம் மாறும் தொல்லைக்கும் அங்கே `Using Locale` என்ற நேரான தீர்வு இருக்கிறது, அந்த ஒரு காரணத்துக்காகவே பலருக்கு நான் அதைச் சொல்வேன். ஐந்து வரிக்கு அது தேவையில்லை.

இதுவரை பார்த்தவை எல்லாமே ஒரு விஷயத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டன: ஒவ்வொரு நாளையும் நள்ளிரவில் வெட்டுவது. `INT` அங்கேதான் வெட்டுகிறது, `Text to Columns` அங்கேதான், `Date Only` அங்கேதான். அதன் விளைவு நம் பட்டியலிலேயே தெரிகிறது. பிரித்த தேதிகள் 4, 5, 7, 8, 8. அதாவது 6-ஆம் தேதி பேக்கப் நடக்கவே இல்லை, 8-ஆம் தேதி இரண்டு முறை நடந்தது என்று பட்டியல் சொல்கிறது. உண்மையில் ஐந்து இரவும் தவறாமல் நடந்தது. இரண்டு நாள் நள்ளிரவைத் தாண்டி முடிந்தது, அவ்வளவுதான். பிவட் டேபிளில் இதைப் பார்த்துவிட்டு 6-ஆம் தேதி என்ன ஆயிற்று என்று யாராவது தேட ஆரம்பித்தால் வீண் அலைச்சல்.

சராசரியில் இது இன்னும் மோசம். பிரித்த நேரங்களுக்கு `=AVERAGE(C2:C6)` போடுங்கள். நிமிடத்தில் சொன்னால் 1420, 1435, 10, 20, 1405. கூட்டினால் 4290, ஐந்தால் வகுத்தால் 858, அதாவது பிற்பகல் 2:18. எந்த இரவிலும் எதுவும் நடக்காத நேரம்! எல்லாம் நள்ளிரவைச் சுற்றி முக்கால் மணி நேரத்துக்குள் இருப்பவை, சராசரியும் அங்கேதான் இருக்க வேண்டும். நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் முன்பின் என்று பார்த்தால் −20, −5, +10, +20, −35. மொத்தம் −30, சராசரி −6. ஆக சரியான விடை இரவு 11:54. `AVERAGE`-இல் தவறில்லை. 00:10-ஐ 10 என்றும் 23:55-ஐ 1435 என்றும் கொடுத்தது நாம் வெட்டிய இடம்.

அப்படியானால் பிரிக்காமலே, A நெடுவரிசைக்கு நேராகச் சராசரி எடுத்து `hh:mm` ஃபார்மேட் கொடுத்தால்? இதை முயன்று பார்த்தவர்கள் ஏமாந்துபோக நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் நம் ஐந்து இரவுகளுக்கு அது சரியான விடையையே தரும்: 06-03-2024 23:54. ஆனால் அது தற்செயல். தொடர்ச்சியான, ஒற்றைப்படை எண்ணிக்கையிலான இரவுகள் என்பதால் தேதிகளின் சராசரி நடுவில் இருக்கும் ஒரு முழு நாளில் போய் உட்காருகிறது. கடைசி வரியை எடுத்துவிட்டு நான்கு இரவுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள், விடை 12:01 என்று வரும், நண்பகல். உண்மையான சராசரி 00:01. சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளி. இரவுகளின் சராசரி அரை நாளில் முடிந்ததால் அந்த அரை நாள் நேரத்தோடு கலந்துவிட்டது. நடுவில் ஓர் இரவு விடுபட்டாலும் இப்படிப் பின்னம் வந்து கலக்கக்கூடும். அதனால் இந்த வழி எப்போதும் வேண்டாம், சரியாக வந்த நாளிலும் வேண்டாம். `=A2` என்று எடுத்து ஃபார்மேட்டை மட்டும் மாற்றிய செல்களுக்குச் சராசரி எடுத்தாலும் நடப்பது இதேதான்.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு, எனக்கு எது பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, வழக்கம்போலப் பிரித்துவிட்டு, சராசரி எடுக்கும்போது மட்டும் அதிகாலை நேரங்களுக்கு ஒரு நாள் கூட்டுவது:

```
=MOD(AVERAGE(IF(C2:C6<0.5,C2:C6+1,C2:C6)),1)
```

நண்பகலுக்கு முன் இருப்பவை எல்லாம் அடுத்த நாளுக்குத் தள்ளப்படும், 00:10 என்பது 24:10 ஆகும், சராசரி எடுத்த பிறகு `MOD` அதை மீண்டும் கடிகாரத்துக்குள் கொண்டுவரும். 7170-ஐ ஐந்தால் வகுத்தால் 1434, இரவு 11:54. பழைய எக்செலிலும் லிப்ரேஆபிஸ் கால்க்கிலும் `Ctrl+Shift+Enter` அழுத்த வேண்டும், கூகுள் ஷீட்ஸில் `ARRAYFORMULA` சுற்ற வேண்டும். ஏற்கெனவே பிரித்துவைத்த ஷீட், அதைத் தொட அனுமதி இல்லை என்றால் இதுதான் வழி. ஆனால் சராசரி மட்டுமே சரியாகும். 6-ஆம் தேதி காணாமல் போனது அப்படியே இருக்கும், ஃபில்டரும் வரைபடமும் தவறாகவே காட்டும்.

இன்னொன்று, நேரத்தைக் கடிகார முகத்தில் ஒரு கோணமாக வைத்து, சைன், கொசைன் வழியாகச் சராசரித் திசையைக் கண்டுபிடிப்பது. கணிதப் பழக்கம் உள்ளவர்கள் உடனே இதைத்தான் சொல்வார்கள்:

```
=MOD(ATAN2(SUM(COS(2*PI()*C2:C6)),
     SUM(SIN(2*PI()*C2:C6)))/(2*PI()),1)
```

இதற்கும் முன்னதைப் போலவே `Ctrl+Shift+Enter` அல்லது `ARRAYFORMULA` தேவைப்படும். எங்கே வெட்டுவது என்ற கேள்வியே இதில் எழாது, அது பெரிய நன்மை. நம் ஐந்து இரவுகளுக்கு இதுவும் 11:54 தான் தருகிறது, ஒரு நொடி வித்தியாசம்கூட இல்லை. ஆனால் இரண்டு விஷயங்கள். எக்செலின் `ATAN2` முதலில் கொசைன் பக்கத்தையும் பிறகு சைன் பக்கத்தையும் கேட்கும், பைதான் போன்ற பல நிரல்மொழிகளில் அது தலைகீழ். அங்கிருந்து பழக்கப்பட்டவர் மாற்றிப் போட்டால் 06:06 என்று வரும், பிழை காட்டாது. இன்னொன்று, இது தரும் விடை நாம் வழக்கமாகச் சராசரி என்று சொல்வது அல்ல. மூன்று இரவு 22:00, ஓர் இரவு 04:00 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி வகுத்தால் 23:30. கோண வழியில் 23:14. விலகி நிற்கும் ஒன்றை இது குறைவாகவே மதிக்கிறது. அது கெட்டது என்று சொல்லவில்லை, ஆனால் மேலாளர் கையால் கூட்டிப் பார்த்து ஏன் பதினாறு நிமிடம் உதைக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் தேர்ந்தெடுப்பது மூன்றாவதை. பிரிக்கும்போதே நண்பகலில் வெட்டிவிடுங்கள். B2-இல் இரவின் தேதி, C2-இல் நண்பகலுக்குப் பிறகு கழிந்த நேரம்:

```
=IF(A2="","",INT(A2-0.5))
=IF(A2="","",MOD(A2-0.5,1))
```

இப்போது தேதிகள் 4, 5, 6, 7, 8 என்று ஒழுங்காக வரும், ஏனென்றால் 7-ஆம் தேதி 00:10 என்பதிலிருந்து அரை நாள் கழித்தால் அது 6-ஆம் தேதிக்குள் வந்துவிடுகிறது. C நெடுவரிசையில் 11:40, 11:55, 12:10, 12:20, 11:25 என்று நேரங்கள் பக்கம் பக்கமாக நிற்கும். சராசரிக்கு எந்தத் தந்திரமும் வேண்டாம்:

```
=MOD(AVERAGE(C2:C6)+0.5,1)
```

714 நிமிடம், அதாவது 11:54, அரை நாள் கூட்டினால் 23:54. அதிகபட்சம், குறைந்தபட்சம், வரிசைப்படுத்துவது எல்லாம் இதே C நெடுவரிசையில் சரியாக வரும், கடைசியில் அரை நாள் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தலைப்பில் மட்டும் `நண்பகலிலிருந்து` என்று எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்து ஷீட்டைத் திறப்பவர் 11:40-ஐக் காலை என்று படிப்பார். உண்மையான கடிகார நேரமும் கண்ணுக்கு வேண்டும் என்றால் D-யில் `MOD(A2,1)` போட்டுக்கொள்ளலாம், சராசரியை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள்.

`IF(A2="","",...)` ஏன் என்றால், காலி செல்லை எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் பேக்கப் ஓடாத ஓர் இரவு, சரியாக நள்ளிரவில் முடிந்ததாகக் கணக்கில் சேரும். நம் பட்டியலில் அது சராசரியை ஒரு நிமிடம்தான் நகர்த்தும், அதனால் யாருக்கும் தெரியாது. தேதிச் செல்லில் `#####` என்று வந்தால் அது அகலம் போதாததால் மட்டும் அல்ல, இப்படி எதிர்ம எண் தேதி ஆனதாலும் இருக்கலாம்.

நண்பகல் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. வேலை காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நடப்பது என்றால் நள்ளிரவில் வெட்டுவதே சரி, வெறும் `INT`, `MOD`, `AVERAGE` போதும், மேலே சொன்ன எதையும் யோசிக்க வேண்டாம். மாலை நான்கிலிருந்து அதிகாலை இரண்டு வரை என்றால் காலை ஒன்பதில் வெட்டலாம், 0.5 இருந்த இடத்தில் 9/24. நேரங்களை வரிசைப்படுத்தி, நீண்ட நேரம் எதுவுமே நடக்காத இடைவெளி எது என்று பார்த்து, அதன் நடுவில் வெட்டுவதுதான் விதி.

அப்படி ஓர் இடைவெளியே இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் பரவிக் கிடக்கிறது என்றால் எந்த வழியும் உதவாது. காலை 6, மாலை 6 என்று இரண்டே நேரங்கள் இருந்தால் நள்ளிரவில் வெட்டினால் சராசரி நண்பகல், நண்பகலில் வெட்டினால் சராசரி நள்ளிரவு, கோண வழியிலோ இரண்டு திசையும் ஒன்றையொன்று அழித்துவிட்டு ஏதோ ஒரு பொருளற்ற எண் வரும். அந்த நிலையில் `=HOUR(A2)` என்று மணியை மட்டும் எடுத்து, ஒவ்வொரு மணிக்கும் எத்தனை என்று `COUNTIF`-ஆல் எண்ணி, 0 முதல் 23 வரை ஒரு பட்டை வரைபடமாகக் காட்டிவிடுங்கள். இரண்டு குவியல் தெரிந்தால் பட்டியலை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சராசரி எடுக்கலாம்.